பொருள்: நேற்று பேசியது – நேவி லாட், தகவல் சொல்வது, டிசம்பர் 12 வரை செய்ய வேண்டியவை

வணக்கம் பிரபு,

நேற்று மாலை (செவ்வாய், நவம்பர் 11) பேசியதை எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்த மெயில். உங்களுக்கு மட்டும்தான் அனுப்புகிறேன், எச்ஆரோ எம்டியோ சிசியில் இல்லை. இது எச்சரிக்கைக் கடிதமும் இல்லை. ஆனால் விஷயம் சின்னதில்லை, அதனால் நேராகவே எழுதுகிறேன்.

நெதர்லாந்து பையரின் 8,400 பீஸ் டி-ஷர்ட் ஆர்டரில் நேவி கலருக்கு நடந்ததை முதலில் தேதிவாரியாக எழுதிவிடுகிறேன். செவ்வாய் (நவம்பர் 4) காலை டையிங்கிலிருந்து பல்க் ஸ்வாட்ச் வந்தது. நீங்களே லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தீர்கள். டி65 வெளிச்சத்தில் அப்ரூவ் ஆன லேப் டிப்போடு ஒத்துப்போனது, டிஎல்84-இல் சிவப்படித்தது. அதைக் கண்டுபிடித்தது நல்ல வேலை, நிறைய பேர் டி65 மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொல்லியிருப்பார்கள். அதற்கப்புறம் நீங்கள் டையிங் மாஸ்டருக்குப் போன் செய்து டாப்பிங் போடச் சொன்னீர்கள், வேறு யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் புதன்கிழமை புரொடக்‌ஷன் மீட்டிங்கில் கட்டிங் மாஸ்டர் உங்களைப் பார்த்து "நேவி துணி நாளைக்கு வந்துருமா" என்று கேட்டார், நீங்கள் "வந்துரும்ணா" என்றீர்கள். அவர் அதை நம்பி இரண்டு டேபிளைக் காலியாக வைத்துக்கொண்டு இன்னொரு ஆர்டரின் லேயிங்கைத் தள்ளிப்போட்டார். வியாழக்கிழமை துணி வரவில்லை. சாயங்காலம் டாப்பிங் போட்ட துணியை டெஸ்ட் செய்தபோது நீளத்தில் ஷ்ரிங்கேஜ் 7.5 சதவீதம், பையர் ஏற்றுக்கொள்வது 5 சதவீதம் வரைக்கும்தான். வெள்ளிக்கிழமை காலை ரிப்போர்ட் உங்கள் கைக்கு வந்துவிட்டது. எனக்கு விஷயம் தெரிந்தது அன்று மாலை, அதுவும் டையிங்காரர் ரீ-கம்பாக்டிங் செலவை யார் தலையில் போடுவது என்று கேட்டுப் போன் செய்தபோது.

ஷேடு மாறியது உங்கள் தவறில்லை, ரியாக்டிவ் நேவியில் இது எல்லா யூனிட்டிலும் நடக்கிறது. ஷ்ரிங்கேஜும் உங்கள் தவறில்லை. செவ்வாய் காலை உங்களுக்குத் தெரிந்த விஷயம் வெள்ளி மாலை வரை உங்களிடமே இருந்ததையும், நடுவில் மீட்டிங்கில் நேராகக் கேட்டபோது "வந்துரும்" என்று சொன்னதையும் பற்றித்தான் பேசுகிறேன்.

நேற்று உங்கள் பக்கத்தையும் சொன்னீர்கள். டையிங் மாஸ்டர் வியாழக்கிழமைக்குள் சரி செய்து தருகிறேன் என்று உறுதி கொடுத்தார், பிரச்சினையை முடித்துவிட்டு வந்து சொன்னால் போதும் என்று நினைத்தேன், எல்லார் முன்னாடியும் எழுந்து "லேட் ஆகும்" என்று சொல்லச் சங்கடமாக இருந்தது என்றீர்கள். அது புரிகிறது. அந்த மீட்டிங்கில் தேதி தள்ளிப்போகிறது என்று யாராவது வாயைத் திறந்தாலே நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், அதை நான் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் தனியாகப் பேசுகிறேன். ஆனால் சங்கடம் என்பதற்காக நடக்காத ஒன்றை நடக்கும் என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. உங்களுக்கே சந்தேகம் இருந்தது, அதை நேற்று நீங்களே சொன்னீர்கள். "டாப்பிங்கில் போயிருக்குங்க, நாளைக்கு நிச்சயமில்லை" என்று சொல்லியிருந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரிந்திருந்தால், அன்று மாலை கூரியரிலேயே ஸ்வாட்சை அனுப்பிவிட்டு பையருக்கு மெயில் போட்டு, இந்த ஷேடை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டிருக்கலாம். அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தால் டாப்பிங்கே தேவைப்பட்டிருக்காது. ஒப்புக்கொள்ளாவிட்டாலும் வெள்ளையும் கிரே மெலாஞ்சும் ரெடியாக இருந்தன, அவற்றை முதலில் வெட்டி லைனுக்குக் கொடுத்திருப்போம். அதைச் செய்யாததால் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் மூன்றாவது லைன் சும்மா உட்கார்ந்திருந்தது. பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களுக்கு அது நேரடியாகச் சம்பளத்தில் விழுகிற அடி, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ரீ-கம்பாக்டிங்குக்கு அப்புறம் ஷ்ரிங்கேஜ் 5-க்குள் வந்துவிட்டது, ஆனால் ஜிஎஸ்எம் 180-இலிருந்து 186 ஆகிவிட்டது. பையர் கொடுத்த ப்ளஸ் மைனஸ் 5 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது, அதில் சிக்கலில்லை. ஆனால் கிலோவுக்குக் கிடைக்கிற பீஸ் குறைந்துவிட்டது, நாம் எக்ஸ்ட்ரா போட்டிருந்த 3 சதவீதத் துணி அதிலேயே போயிற்று. இனி நேவியில் கட்டிங் ரிஜெக்‌ஷன் வந்தால் மாற்றிக் கொடுக்கத் துணி இல்லை. இன்று காலை நேவி டேபிளில் ஏறியிருக்கிறது. நவம்பர் 29 எக்ஸ்-ஃபேக்டரி தேதியைப் பிடிக்க முடியும், ஆனால் ஓவர்டைம் போட்டுத்தான். தவறினால் ஏர் ஷிப்மென்ட், அந்தச் செலவை பையர் ஏற்க மாட்டார், இந்த ஆர்டரின் லாபம் முழுக்க அதில் போய்விடும்.

இரண்டாவது, கழுத்து ரிப். அக்டோபர் 28 அன்று பையர் ரிப் உயரத்தை 2 செ.மீ.யிலிருந்து 1.5 ஆக மாற்றச் சொல்லி மெயில் போட்டார். நீங்கள் சாம்பிளிங் மாஸ்டருக்குப் போனில் சொன்னீர்கள், ஆர்டர் ஷீட்டில் மாற்றவில்லை. சைஸ் செட் தைத்தவருக்கு அந்தப் போன் விஷயம் தெரியாது, ஷீட்டைப் பார்த்து 2 செ.மீ.யில் தைத்துவிட்டார், எல்லாம் மறுபடி. பிபி மீட்டிங்கில் மாட்டியதால் சாம்பிளோடு போயிற்று, பல்க்கில் இது நடந்திருந்தால் 8,400 கழுத்தையும் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும். போனில் சொல்வது தப்பில்லை, போனில் மட்டும் சொல்வதுதான் தப்பு. நம் ஃப்ளோரில் ஷீட்டில் இருப்பதுதான் உண்மை, வேறு எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை செக்கிங் டேபிளில் செல்வி அக்காவிடம் "உங்களாலதான் எல்லாம் லேட்" என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னீர்கள். அன்றைய லேட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. நேற்று காலையே போய் அவரிடம் வருத்தம் தெரிவித்துவிட்டதாகச் சொன்னீர்கள், அவரும் என்னிடம் சொன்னார். அது முடிந்தது, இனி அதை நான் எடுக்க மாட்டேன்.

பிரபு, உங்கள் வேலை எனக்குப் பிடிக்கும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். செப்டம்பரில் அந்தக் குழந்தைகள் ஆர்டரில் கேர் லேபிளில் காட்டனும் எலாஸ்டேனும் சதவீதம் மாறி அச்சாகியிருந்ததை பேக்கிங்குக்கு முன்னாடியே பிடித்தீர்கள், அது அப்படியே போயிருந்தால் ஐரோப்பாவில் விற்கவே முடியாமல் கூட்ஸ் அங்கேயே நின்றிருக்கும். பையர் மெயிலுக்கு அன்றன்றைக்கே பதில் போடுகிறீர்கள், கன்சம்ப்ஷன் கணக்கில் உங்களைத் திருத்த வேண்டி வந்ததே இல்லை. துணியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் கை உங்களுக்கு இருக்கிறது, அது எல்லாருக்கும் வந்துவிடாது. ஆனால் மெர்ச்சண்டைசர் சொல்லும் தேதியை வைத்துத்தான் கட்டிங், லைன், பேக்கிங், ஷிப்பிங் எல்லாரும் தங்கள் வேலையைத் திட்டமிடுகிறார்கள். அந்தத் தேதியை ஒருமுறை நம்ப முடியாமல் போனால் அப்புறம் உங்களிடம் கேட்காமல் நேராக டையிங்குக்கே போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். கட்டிங் மாஸ்டர் திங்கட்கிழமை அதைத்தான் செய்தார்.

இனி நேற்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டவை.

இன்றிலிருந்து, எந்த ஆர்டரிலும் ஒரு நாளாவது தேதியைத் தள்ளக்கூடிய விஷயம் தெரிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் எனக்குப் போன் செய்கிறீர்கள். மெயில் வேண்டாம், போன். தீர்வு கையில் இருக்க வேண்டிய அவசியமில்லை, "இப்படி ஆகியிருக்கு, இன்னும் வழி தெரியல" என்றாலும் போதும். நான் எடுக்காவிட்டால் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போட்டுவிடுங்கள். என் பக்கத்தில், அப்படிச் சொன்னதற்காக உங்கள்மேல் கோபப்பட மாட்டேன், அடுத்து என்ன செய்யலாம் என்று மட்டும்தான் பேசுவேன். மீட்டிங்கில் தேதி கேட்டால் "உறுதி" அல்லது "உறுதியில்லை, காரணம் இது" என்று இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

பையர் மாற்றம் எது வந்தாலும் அன்றைக்கே ஆர்டர் ஷீட்டில் ரிவிஷன் நம்பர், தேதியோடு ஏற வேண்டும். சாம்பிளிங், கட்டிங், ஸ்டிச்சிங் மூன்று இடத்திலும் பழைய ஷீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இப்போது ஓடும் ஆர்டர்களில் இப்படிப் போனோடு நின்றுபோன மாற்றம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று வெள்ளி (நவம்பர் 14) மாலைக்குள் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டீர்கள். இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

சனிக்கிழமை (15) காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் டையிங் யூனிட்டுக்குப் போகிறோம். எழுத்தில் நம் ஓகே இல்லாமல் டாப்பிங்கோ ஸ்ட்ரிப்பிங்கோ செய்யக்கூடாது என்று நான் அங்கே சொல்லிவிடுகிறேன், அப்போது வாய்வார்த்தை உறுதியை நம்பி நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

வேலைச்சுமை அதிகம் என்றீர்கள், ஆர்டர் லிஸ்டைப் பார்த்தேன், நியாயம்தான். பைஜாமா செட் ஆர்டரை திங்கள் (17) முதல் நந்தினி எடுத்துக்கொள்கிறார். ஃபைலை அன்று காலை உட்கார்ந்து முழுதாக விளக்கி ஒப்படையுங்கள், டிரிம்ஸ் பாக்கி உட்பட.

இந்த டி-ஷர்ட் ஆர்டரின் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் நவம்பர் 27. ஏக்யூஎல் 2.5, லெவல் 2, அதாவது இந்த அளவு லாட்டில் 200 பீஸ் எடுப்பார்கள், மேஜர் 10 வரை பாஸ், 11 வந்தால் ஃபெயில். 25-ஆம் தேதி நீங்களும் செல்வி அக்காவும் சேர்ந்து அதே மாதிரி 200 பீஸ் எடுத்து ப்ரீ-ஃபைனல் பார்க்கிறீர்கள், நேவியை முதலில் பாருங்கள். ரிசல்ட் எதுவாக இருந்தாலும் அன்று சாயங்காலம் எனக்கு வர வேண்டும்.

நவம்பர் 28 வெள்ளி, டிசம்பர் 12 வெள்ளி, இரண்டு நாளும் மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்து பேசுகிறோம். நான் பார்க்கப்போவது ஒன்றுதான்: ஒவ்வொரு தாமதமும் எனக்கு முதலில் உங்களிடமிருந்து வந்ததா, வேறு யாரிடமிருந்தாவது வந்ததா. எத்தனை தாமதம் என்று எண்ணப்போவதில்லை. டிசம்பர் 12-இல் இது சரியாக இருந்தால் புது பையரின் சம்மர் ஆர்டரை, முன்பே சொன்னபடி, நீங்கள்தான் பார்க்கிறீர்கள். இதே நிலை தொடர்ந்தால் அதை உங்களிடம் கொடுக்க மாட்டேன், அப்போது எச்ஆரையும் உட்கார வைத்துத்தான் பேச வேண்டியிருக்கும். இதை நேற்றும் சொன்னேன், எழுத்திலும் இருக்கட்டும்.

நான் எழுதியதில் தேதியோ விவரமோ தப்பாக இருந்தாலோ, நீங்கள் சொன்னதை நான் வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தாலோ நாளை மாலைக்குள் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள், சேர்த்துக்கொள்கிறேன். எல்லாம் சரி என்றாலும் ஒரு வரி போடுங்கள்.

கவிதா
மெர்ச்சண்டைசிங் மேனேஜர்