நார் எங்கடா?

ஆண்டு விழா அன்றைக்கு என் படத்துக்கு முன்னால் வந்து நின்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான். "நார் எங்கடா?"

படத்தின் ஓரத்தில் 'முதல் பரிசு' என்று எழுதி சிவப்பு ரிப்பன் குத்தியிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டி மல்லிகைப்பூக் கட்டுகிறாள். பின்னால் கோபுரம், விடியற்காலை வெளிச்சம், மூக்குத்தியில் புள்ளியாக ஒரு வெள்ளை. அந்த வழியாகப் போன டீச்சர்கள் எல்லாரும் ஒரு நிமிஷமாவது நின்று பார்த்தார்கள். அம்மாவும் நின்றாள். ஆனால் அவள் முகத்தையோ கோபுரத்தையோ பார்க்கவில்லை. நேராகக் கைக்குப் போனாள்.

"இந்தா, இந்தப் பூவெல்லாம் எதுல நிக்குது? நார் உள்ளங்கையிலேருந்து வருது, அப்புறம் முந்தானைக்குள்ள போயிருது. நடுவுல ஒண்ணுமே இல்லையே."

"அது... ஓவியம்மா. எல்லாத்தையும் அப்படியே வரைய மாட்டாங்க."

"அதுவும் சரிதான்." கொஞ்ச நேரம் கழித்து, "விடியக்காலைல எவ விரிஞ்ச பூவக் கட்டுவா? மொட்டால்ல கட்டணும். விரிஞ்சத கட்டுனா சாயந்தரம் யாரு வாங்குவா?" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற என் டிராயிங் சாரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு கும்பிட்டாள்.

எங்களுக்குத் தெப்பக்குளம் பக்கம் ஒரு தட்டுக்கடை. அம்மா விடியற்காலை நாலு மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவாள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற கை அது. 'எங்க ஊர் உழைப்பாளிகள்' என்று போட்டிக்குத் தலைப்புக் கொடுத்ததும் எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. வீட்டில் வரைந்து எடுத்து வரலாம், பத்து நாள் அவகாசம். போன வருஷமும் நான்தான் முதல் பரிசு என்பதால், இந்த வருஷமும் என்னுடையது என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

முகம் வந்தது. சேலை மடிப்பு வந்தது. கைதான் வரவில்லை. இடது கை ஒரு நாள் கத்தரிக்காய் மாதிரி, மறுநாள் கையுறை மாதிரி. மூன்று சார்ட் கிழித்தேன். அம்மாவைக் கொஞ்சம் அசையாமல் இருக்கச் சொன்னால், "முகூர்த்த நாளுடா, மூணு கிலோ கிடக்கு" என்று அவள் பாட்டுக்குக் கட்டிக்கொண்டே போவாள். எட்டாவது நாள் ராத்திரி போனை எடுத்தேன். படம் போட்டுத் தரும் ஏஐ ஆப்பில் என்ன வேண்டுமென்று ரெண்டு வரி இங்கிலீஷில் அடித்தேன். வயதான பூக்காரி, மல்லிகை, கோபுரம், எண்ணெய் வண்ண ஓவியம். நாலு படம் வந்தது. மூன்றாவது படத்தைப் பார்த்ததும் எனக்கே மூச்சு நின்றது. பத்து விரலும் இருந்தன. எண்ணினேன்.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்லத்தான் இன்றைக்கும் கூசுகிறது. ஒரு பிரிண்டிங் கடையில் 450 ரூபாய் கொடுத்துக் கேன்வாஸ் துணியில் அடித்து வாங்கினேன். பிரிண்ட் வழவழவென்று இருந்தது. யாராவது தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து, சேலை மடிப்பு போகிற திசையிலேயே பிரஷால் இழுத்து இழுத்துப் பூசினேன். பூசும்போது பால் மாதிரி இருக்கும். காய்ந்தால் நிறம் போய்விடும், பிரஷ் கோடு மட்டும் மேடாக நிற்கும். ராத்திரி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து செய்தேன். அந்தப் படத்துக்காக நான் நிஜமாகப் பிரஷ் பிடித்தது அவ்வளவுதான். கீழே மூலையில் கையெழுத்துப் போட்டேன்.

முடிவு சொன்ன அன்றைக்குக் காலைப் பிரார்த்தனையில் டிராயிங் சார் மைக்கைப் பிடித்து, "கையப் பாருங்க. முகத்த யாரு வேணா வரஞ்சிடலாம். கை வரையத் தெரிஞ்சவன்தான் ஓவியன்" என்றார். கைதட்டல். பரிசு ஆயிரம் ரூபாய். கவரோடு அம்மாவிடம் கொடுத்தேன். கமிஷன் கடைப் பாக்கிக்குப் போய்விட்டது. பனியில் பூ வரத்துக் குறைந்து கிலோ ரெண்டாயிரத்தைத் தாண்டியிருந்த நேரம் அது.

சாருக்குத் தெரியாதது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. விழா முடிந்து வீட்டுக்கு வந்து, பட்டுச்சேலையை மாற்றிவிட்டு, மிச்சப் பூவை மடியில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் நான் சரியாகப் பார்த்தேன். தண்ணீரில் நனைத்த வாழைநார், நூல் கனத்துக்குக் கிழித்தது. ரெண்டு மொட்டு அந்தப் பக்கம், ரெண்டு மொட்டு இந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து இடது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இறுக்கிப் பிடிக்கும். வலது கை நாரை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு வளையம் போட்டு, காம்புக்கு மேலே தள்ளி, சுண்டி இழுக்கும். இழுக்கிற இடத்தில், ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில், கத்தியால் கீறின மாதிரி ஒரு பழுப்புத் தழும்பு. என் படத்துப் பாட்டிக்கு விரலெல்லாம் வாழைத்தண்டு மாதிரி இருந்தது.

தூக்கம் வராமல் போனில் தேடினேன். 2022-இல் அமெரிக்காவில் ஜேசன் ஆலன் என்பவர் இப்படி உருவாக்கிய படத்துக்குக் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியிருக்கிறார். ஆனால் அவர் தன் பெயரோடு, படம் போட்டுத் தந்த ஏஐயின் பெயரான மிட்ஜர்னி என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடுத்திருந்தார். மறு வருஷம் ஜெர்மனிக்காரர் போரிஸ் எல்டாக்சன், சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் ஜெயித்துவிட்டு, இது ஏஐ படம், எனக்குப் பரிசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த மாதிரிப் படங்கள் வந்தால் போட்டி நடத்துகிறவர்கள் தயாராக இருக்கிறார்களா என்று பார்க்கத்தான் அனுப்பினாராம்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. திங்கட்கிழமை இதையே சொல்லிவிடலாம். 'நானும் சோதித்துப் பார்க்கத்தான் சார் அனுப்பினேன்.' ஞாயிற்றுக்கிழமை முழுக்க மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன். நன்றாகத்தான் வந்தது.

திங்கள் மத்தியானம் சார் டிராயிங் ரூமில் தனியாகப் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். "சார், அந்தப் படம் நான் வரையல" என்றேன். அதற்கு மேல் பழகி வைத்த வசனம் வரவில்லை. "கை வரல சார். அதான்" என்று மட்டும் வந்தது.

அவர் குழாயை மூடவில்லை. "யாரு வரஞ்சது?"

"யாரும் வரையல சார். போன்ல..."

குழாயை மூடினார். ஒன்றும் பேசாமல் ஹாலுக்கு நடந்தார், நான் பின்னால் போனேன். படத்தைச் சுவரிலிருந்து கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூலையில் நகத்தால் சுரண்டினார். ஃபெவிகால் வெயிலில் உரியும் தோல் மாதிரி நீளமாக உரிந்து வந்தது. என் கையெழுத்தின் முதல் எழுத்தும் அதோடு வந்தது.

"முப்பது வருஷமா டிராயிங் வாத்தியார்டா நான்" என்றார். "மைக்கப் புடிச்சு கையப் பாருங்க, கையப் பாருங்கன்னு..."

அவர் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உரிந்த அந்தத் துண்டை விரலில் சுருட்டிக்கொண்டே நின்றார்.

ஹெட்மாஸ்டர் ரூமில் வேறு மாதிரிப் பேச்சு. மாவட்டப் போட்டிக்குப் பேர் போய்விட்டது, போட்டோவும் போய்விட்டது, இப்போது சொன்னால் ஸ்கூலுக்குத்தானே அசிங்கம், பையன்தான் ஒப்புக்கொண்டு விட்டானே, இதோடு விடுங்கள் என்றார் அவர். சார் மட்டும் விடவில்லை. "ரெண்டாவது வந்த முருகவேல் பேர அனுப்பணும் சார். அதுவரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார். ஐந்தாம் பீரியட் முழுக்க உட்கார்ந்திருந்தார் என்று பியூன் அண்ணன் பிறகு சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பிரார்த்தனையில் நானே சொன்னேன். ரெண்டு வாக்கியம். பின் வரிசையிலிருந்து ஒருத்தன் "எந்த ஆப்டா?" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அது ஒரு வகையில் உதவியாகத்தான் இருந்தது.

அம்மாவிடம் சொன்னதுதான் கஷ்டம். ஆயிரம் ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட்டு, காரணத்தைப் பிறகு சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "அப்ப அந்தக் கெழவிய மிஷின் வரஞ்சதா?"

"ஆமாம்மா."

"அதான் பாத்தேன். அதுக்கு யாரு நார் வாங்கிக் குடுத்தா."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். மறுநாள் காலை சுருக்குப்பையை அவிழ்த்துப் பத்தும் இருபதுமாக எண்ணி வைத்தாள். ஈர நோட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அறுநூற்று நாற்பதுதான் இருந்தது. மீதிக்குப் பக்கத்துத் தட்டுக்கடைச் சித்தியிடம் வாங்கினாள். ஆபீஸ் ரூமில் கிளார்க் சார் அந்தக் கட்டை எண்ணும்போது, மேசை முழுக்க மல்லிகை வாசம் அடித்தது. அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

முருகவேலிடம் போக மட்டும் நாலு நாள் ஆனது. சைக்கிள் ஸ்டாண்டில்தான் பிடித்தேன். அவன் வரைந்தது அவன் அப்பாவின் டீக்கடை. போஸ்டர் கலர், வானம் கொஞ்சம் திட்டுத் திட்டாக இருக்கும். ஆனால் அந்தப் பித்தளை பாய்லரின் பளபளப்பு யாருக்கும் வராது.

"ஸாரிடா" என்றேன்.

அவன் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே இருந்தான். சாவி சரியாக நுழையவில்லை. "இப்ப குடுத்தா எனக்கு ஒரு மாதிரிதான்டா இருக்கு. நீ வேணாம்னு சொன்னது எனக்கு வந்த மாதிரி."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நின்றேன். அவன் சைக்கிளை வெளியே இழுத்தான், கொஞ்ச தூரம் உருட்டினான், திரும்பி வந்தான்.

"என் படத்துல எங்கப்பாவோட இடது கை எங்க இருக்குன்னு பாத்தியா?"

யோசித்தேன். வலது கை தெரியும். உயர்த்தி டீ ஆற்றுகிற கை, கண்ணாடி கிளாஸோடு.

"பாய்லருக்குப் பின்னால" என்றான். "எனக்கும் வரலடா. நாலு நாள் போட்டுப் பாத்தேன். அப்புறம் பாய்லர இன்னும் கொஞ்சம் பெருசாக்கிட்டேன்."

பெல்லை ரெண்டு தரம் அடித்துவிட்டு ஏறிப் போனான்.