கம்ப்யூட்டர் லேபில் டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் கேட்டு முதல்வருக்கு ஒரு கடிதம்

அனுப்புநர்:
செ. கயல்விழி,
மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. கணினி அறிவியல்

பெறுநர்:
கல்லூரி முதல்வர் அவர்கள்

வழி: துறைத் தலைவர், கணினி அறிவியல் துறை

பொருள்: லேப் கணினிகளில் மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் எக்ஸ்பிரஸ் நிறுவித் தருவது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த செமஸ்டரில் எங்களுக்கு டிபிஎம்எஸ் லேப் இருக்கிறது. சிலபஸில் எஸ்க்யூஎல், டிரிக்கர், பிஎல்/எஸ்க்யூஎல் எல்லாம் வருகிறது, ஆனால் லேபில் இருப்பது பழைய எம்.எஸ். ஆக்சஸ் மட்டும்தான். டேபிள் போட, சாதாரண `SELECT` எழுத அது போதும். அதைத் தாண்டினால் சிக்கல். ஒரு உதாரணம் சொல்கிறேன், தவறாக அப்டேட் ஆன ரெக்கார்டைப் பழையபடி கொண்டுவர `ROLLBACK;` என்று அடித்தால் வருவது இது:

```
Invalid SQL statement; expected 'DELETE', 'INSERT',
'PROCEDURE', 'SELECT', or 'UPDATE'.
```

எழுதியது சரி, சாஃப்ட்வேருக்குத்தான் அது தெரியாது. அதனால் என்ன நடக்கிறது என்றால், சீனியர்களின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, அவர்கள் எழுதிய அவுட்புட்டை நாங்களும் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். அந்த அவுட்புட்டை யாரும் ஸ்கிரீனில் பார்த்ததில்லை ஐயா, அவர்களும் எங்களைப் போலவே பார்த்து எழுதியதுதான்.

லேப்டாப்பில் வீட்டில் போட்டுப் பாருங்கள் என்று சொல்லலாம். வகுப்பில் பாதிப் பேருக்கு லேப்டாப் இல்லை. நீடாமங்கலம், வலங்கைமான், கோட்டூர் பக்கம் கிராமங்களில் இருந்து வருகிறோம், பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது, அதனால் சாயங்காலம் நண்பர்கள் வீட்டில் உட்கார்ந்து செய்வதும் நடக்காது. செல்போனில் ஆன்லைன் எடிட்டர் வைத்து முயற்சி செய்தவர்கள் உண்டு, அந்தச் சின்ன கீபோர்டில் செமிகோலனைத் தேடுவதற்குள் பொறுமை போய்விடும். லேப் நெட் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு விஷயம் எங்கள் ப்ராஜெக்ட். நெல் கொள்முதல் நிலையத்துக்கான டேட்டாபேஸ் ஒன்று எங்கள் குழு செய்கிறது. விவசாயி பெயர், சர்வே நம்பர், டோக்கன், எத்தனை மூட்டை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா, பணம் வங்கிக்குப் போய்விட்டதா, இதெல்லாம் அதில் வரும். அறுவடை நேரத்தில் எங்கள் அப்பா களத்தில் நெல்லைக் கொட்டி, மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, டோக்கன் எப்போது வரும் என்று காத்துக் கிடப்பதைப் பார்த்துத்தான் இந்தத் தலைப்பை எடுத்தோம். ஒரு மெஷினில் டோக்கன் போடும்போதே இன்னொரு மெஷினில் எடை பதிய வேண்டும், இரண்டும் ஒரே டேட்டாபேஸில் மோதாமல் சேர வேண்டும். ஷேர்டு ஃபோல்டரில் ஆக்சஸ் ஃபைலை வைத்து அதைச் செய்து பார்த்தோம், அடிக்கடி லாக் ஆகி நிற்கிறது. இதற்குச் சரியான சர்வர் டேட்டாபேஸ் வேண்டும்.

செலவு பற்றிக் கவலை வேண்டாம் ஐயா. மைஎஸ்க்யூஎல் கம்யூனிட்டி எடிஷன் இலவசம், ஜிபிஎல் உரிமத்தில் வருவது, எத்தனை மெஷினில் போட்டாலும் பணம் கட்ட வேண்டாம். பிஎல்/எஸ்க்யூஎல் மட்டும் மைஎஸ்க்யூஎல்லில் ஓடாது, அதற்கு ஆரக்கிள் வேண்டும், அதிலும் எக்ஸ்பிரஸ் எடிஷன் என்று ஒன்று இலவசமாகவே இருக்கிறது. அதன் 21சி பதிப்பு 2 ஜிபி ரேம், 12 ஜிபி டேட்டா வரை எடுத்துக்கொள்ளும், எங்கள் மாணவர் டேபிளுக்கும் சம்பள டேபிளுக்கும் அதில் ஒரு மூலை போதும். எல்லா மெஷினிலும் ஆரக்கிள் ஏற்றினால் பழைய 4 ஜிபி மெஷின்கள் திணறும் என்பதால், ஸ்டாஃப் மேஜை பக்கம் இருக்கும் 8 ஜிபி மெஷினில் மட்டும் அதைப் போட்டு, மற்றவற்றிலிருந்து லேன் வழியாக இணைத்துக்கொள்ளலாம். திருட்டு காப்பி எதுவும் நாங்கள் கேட்கவில்லை.

நாங்களே ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். அட்மின் பாஸ்வேர்டு எங்களிடம் இல்லை, அது சரியும்கூட. அப்புறம் எல்லா மெஷினிலும் டீப் ஃப்ரீஸ் போட்டிருப்பதால் ரீஸ்டார்ட் ஆனதும் புதிதாகப் போட்டதெல்லாம் காணாமல் போய்விடும். அதைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு நிறுவி, டேட்டா ஃபோல்டரை ஃப்ரீஸ் இல்லாத டி டிரைவுக்கு மாற்றிவிட்டுத் திரும்ப ஃப்ரீஸ் போட வேண்டும். ஃபோல்டரை மாற்ற மறந்தால் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் எங்கள் டேபிள் எல்லாம் போய்விடும், இதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். லேப் அண்ணனிடம் பேசிவிட்டோம், உங்கள் கையெழுத்து இருந்தால் ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம் என்றார். இன்ஸ்டாலர்களைப் பென்டிரைவில் கொண்டுவருவது, மெஷின் மெஷினாக உட்கார்ந்து சோதிப்பது எல்லாம் நாங்கள் செய்கிறோம்.

பிராக்டிகல் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பாவது தயாராக இருந்தால் நிஜமாகவே ஓட்டிப் பார்த்து ரெக்கார்டு எழுத முடியும். அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நேரில் விளக்க வேண்டுமென்றால் மதிய இடைவேளையில் எந்த நாளும் வருகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் மாணவி,
செ. கயல்விழி
(மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவ மாணவியர் சார்பாக)

இணைப்பு: வகுப்பு மாணவர்களின் கையெழுத்துத் தாள்