பணி நிறைவுக் கணக்குத் தீர்வும் விடுவிப்புச் சான்றும்

தோட்ட அலுவலகம், பாகாவ், நெகிரி செம்பிலான்
28 நவம்பர் 2025

பெறுநர்: திரு. முருகேசன், செம்பனை அறுவடைத் தொழிலாளி, 2ஆம் டிவிஷன்

நிரந்தரமாக ஊர் திரும்புவதாக 17 அக்டோபரில் நீங்கள் கொடுத்த 6 வார நோட்டீசை ஏற்றுக்கொண்டோம். 1 டிசம்பர் 2022-இல் தொடங்கிய உங்கள் பணி 30 நவம்பர் 2025-இல் முடிகிறது. நீங்களாகவே விலகுவதால் பணிநீக்க ஈட்டுத்தொகை இதில் சேராது.

நவம்பர் அடிப்படைச் சம்பளம் 1,700.00 வெள்ளி. குலை ஊக்கத்தொகை 212.00. எடுக்காத வருட விடுப்பு 7 நாள். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 65.38, ஆக 457.66. மொத்தம் 2,369.66.

பிடித்தம்: இ.பி.எப். 48.00, சொக்சோ 11.75, தீபாவளி முன்பணத்தில் பாக்கி 300.00, மொத்தம் 359.75. கையில் வருவது 2,009.91 வெள்ளி. இன்று உங்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டோம். லெவி, பெர்மிட் செலவு எதையும் பிடிக்கவில்லை. திருச்சிக்கான விமான டிக்கெட் நிர்வாகச் செலவு. பயணம் 4 டிசம்பர்.

ஸ்டோரில் அரிவாள், அலுமினியக் கம்பு, ஹெல்மெட், பூட்ஸ் ஒப்படைத்தாயிற்று. அரிவாளின் வாய் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது; குலை வெட்டித் தேய்ந்த இரும்புக்குத் தொழிலாளியிடம் காசு பிடிப்பது முறையல்ல என்பதால் கிராணி அதைக் கணக்கில் ஏற்றவில்லை. லயத்து வீட்டின் மின்சார, தண்ணீர் பாக்கி இல்லை. சாவியைப் புறப்படும் காலையில் மண்டோரிடம் கொடுத்தால் போதும்.

செக் அவுட் மெமோவுக்காக வாங்கிய உங்கள் பாஸ்போர்ட்டை, மெமோவுடன் இந்தக் கடிதத்தோடு உங்கள் கையிலேயே தருகிறோம். இரண்டையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். குடிநுழைவுக் கவுண்டரில் கேட்பார்கள். மெமோவில் உள்ள தேதிக்குள் வெளியேறியாக வேண்டும். பெர்மிட் ரத்தான பிறகு தங்கினால் குற்றமாகிவிடும், இன்னொரு முதலாளியிடம் வேலைக்குச் சேரவும் முடியாது. விமானம் தவறினால் அன்றே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

இ.பி.எப். சந்தா அக்டோபர் சம்பளத்திலிருந்துதான் தொடங்கியது, தொகை சிறியது. ஆனாலும் அது உங்கள் பணம், அதோடு நிர்வாகம் கட்டிய பங்கும் இருக்கிறது. நாட்டை விட்டு வெளியேறுவோருக்கான மீட்பு விண்ணப்பத்தைப் புறப்படுமுன் கொடுங்கள். நவம்பர் சந்தா டிசம்பரில்தான் கட்டப்படும். அதனால் வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். பலருடைய பணம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

வங்கியில் 2,009.91 ஏறியதைப் பார்த்த பிறகே கீழே கையெழுத்திடுங்கள். கணக்கில் ஐயம் இருந்தால், ஒப்பமிடாமல் கேளுங்கள். சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்திருக்கிறோம். மூன்று வருட உழைப்புக்கு நன்றி.

தோட்ட நிர்வாகி

தொழிலாளி உறுதிமொழி: மேற்கண்ட கணக்கைத் தமிழில் படித்துக் காட்டினார்கள். 2,009.91 வெள்ளி என் கணக்கில் ஏறியதைப் பார்த்தேன். பாஸ்போர்ட், மெமோ, டிக்கெட், இந்தக் கடிதம் ஆகிய நான்கையும் பெற்றுக்கொண்டேன். இ.பி.எப். மீட்புரிமையும், இதுவரை தெரியாத வேலைக் காயத்துக்கான சொக்சோ உரிமையும் இந்த ஒப்பத்தால் விட்டுப்போகாது.

முருகேசன், 28 நவம்பர் 2025
சாட்சி: 2ஆம் டிவிஷன் மண்டோர்