சத்தமில்லாமல் ஒன்று

கதிரேசனுக்கு 64 காக்டெயில்கள் மனப்பாடம். சென்னையில் ஆறு மாதம் படித்தபோது வாங்கிய கோடு போட்ட நோட்டில், எந்தச் சாராயம் எத்தனை மில்லி, எதைக் குலுக்க வேண்டும், எதைக் கலக்க வேண்டும், எந்தக் கிளாசில் ஊற்ற வேண்டும் என்று நான்கு நிற மையில் எழுதி வைத்திருந்தான். கோட்டையூரிலிருந்து கானாடுகாத்தானுக்கு வரும் பேருந்தில் அதை எடுத்துப் படித்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று கூசி, கண்ணை மூடிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒப்பித்தபடியே வந்து இறங்கினான். வேலையில் அன்றுதான் முதல் இரவு.

பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியவர்கள், ஒரு காலத்தில் கல்யாணப் பந்தி நடந்த கூடத்தைப் பாருக்கு ஒதுக்கியிருந்தார்கள். பர்மாத் தேக்கில் கதவு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துக் கண்ணாடி போல இழைத்த சுவர் என்று பார்க்கிறவர்கள் வாய் பிளக்கும்படியான கூடம்தான். ஆனால் இழைத்த சுவருக்கும் கல் தரைக்கும் சத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்ளத் தெரியாது. ஒரு கரண்டி கீழே விழுந்தால்கூட நான்கு பக்கமும் மோதிவிட்டுத்தான் அது அடங்கும். இந்தக் கூடத்தில் பாரை வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் அங்கே ஒரு சாயங்காலமாவது உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்.

பாரைப் பார்த்துக்கொண்ட மாணிக்கம் தேவகோட்டைக்காரர். பயணக் கப்பலில் பதினொரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கதிரேசனைப் பார்த்ததும் நோட்டைக் கேட்கவில்லை, படிப்பைக் கேட்கவில்லை. நகத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஏழே முக்காலுக்கு ஒரு பெரியவர் தனியாக வந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். வெள்ளை வேட்டி, சட்டை, நெற்றியில் காலையில் பூசி அழிந்து மிஞ்சிய விபூதி. பள்ளத்தூரில் தம்பிக்கு வயது நிறைவுச் சாந்தி விழா, அதற்காக வந்து இங்கே அறை எடுத்திருக்கிறார் என்பது வரவேற்பில் இருந்தவர்கள் சொன்ன செய்தி. அவர் கவுன்டரின் கடைசி நாற்காலியில் உட்காருவதற்கு முன் காதருகே கையைக் கொண்டுபோய், சிறியதாக எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கதிரேசன் அதைக் கண்ணால் பார்த்தான், மனதில் வாங்கவில்லை. மனம் அப்போது நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது.

"தம்பி, சத்தமில்லாம ஏதாவது ஒண்ணு குடுப்பா" என்றார் பெரியவர்.

விசேஷ வீட்டுக்காரர்கள் கண்ணில் படாமல் குடிக்க விரும்புகிறார், அதனால் அதிகம் வீரியமில்லாத ஒன்றைக் கேட்கிறார் என்று கதிரேசன் பொருள் பண்ணிக்கொண்டான். பிறகு ஆரம்பித்தான். நெக்ரோனி என்றால் ஜின், கம்பாரி, இனிப்பு வெர்மூத் மூன்றும் சம பங்கு, 30, 30, 30. கிம்லெட் என்றால் ஜின்னும் எலுமிச்சைக் கார்டியலும். பெரியவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் உற்சாகம் கூடியது. விபூதியையும் வேட்டியையும் பார்த்து, செட்டியார் வீட்டுப் பெரியவருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று முடிவு செய்து, பெகு கிளப்புக்கு வந்தான். ரங்கூனில் வெள்ளைக்காரர்களுக்கென்று இருந்த கிளப்பின் பானம், 1930இல் லண்டனில் அச்சான புத்தகத்திலேயே இடம் பிடித்தது, ஜின் 60, ஆரஞ்சு க்யூரசோ 20, எலுமிச்சைச் சாறு 20, இரண்டு வகை பிட்டர்ஸில் ஒவ்வொரு சொட்டு என்று மூச்சு விடாமல் சொன்னான். பெரியவர் நடுவில் ஓரிடத்தில் தலையை அசைத்தார். கதிரேசன் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டான்.

ஷேக்கரை அவன் தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கினான். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எஃகுக் குவளைக்குள் ஐஸ் கட்டிகள் அறைந்த சத்தம் கூடம் முழுவதும் எகிறியது. பெரியவர் ஒரு கணம் கண்களை இறுக்கி மூடித் திறந்தார். அவன் பன்னிரண்டு வினாடி எண்ணி முடித்து, வடிகட்டி, அகன்ற கிளாசில் ஊற்றி, இரு கைகளாலும் முன்னால் வைத்தான். நிறம் மிகச் சரியாக வந்திருந்தது.

அரை மணி கழித்தும் கிளாசில் விளிம்பு வரை அப்படியே இருந்தது. வெளிப்புறம் கோத்த நீர் வழிந்து, கீழே ஒரு வட்டம் கட்டியிருந்தது.

மாணிக்கம் கிளாசையும் பார்த்தார், இவனையும் பார்த்தார். "அவர் என்ன கேட்டாரு?"

"பெகு கிளப் அண்ணே. ஜின் 60, க்யூரசோ..."

"நீ ஊத்துனதை நான் கேக்கல. அவர் வாயில வந்த வார்த்தையைச் சொல்லு."

கதிரேசன் யோசித்தான். கொஞ்ச நேரத்துக்கு முன் நடந்ததுதான். இருந்தும் தான் பேசியது வரிசையாக நினைவுக்கு வந்ததே தவிர, அவர் பேசிய ஒற்றை வரி வரவில்லை. காது சூடேறியது.

"சரி. அரை மணி நேரத்துக்கு நீ பாட்டிலைத் தொடாதே. கிளாசைத் துடை. யார் என்ன சொன்னாங்கன்னு எனக்கு அவங்க வார்த்தையிலயே வந்து சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கிளாசைப் பெரியவரிடம் தலையசைவில் அனுமதி கேட்டு எடுத்து, தொட்டியில் கொட்டி, வீணான கணக்கு எழுதும் நோட்டில் தன் பெயரிலேயே குறித்துக்கொண்டார்.

தண்டனை என்றுதான் கதிரேசன் முதலில் நினைத்தான். துண்டும் கையுமாகத் தூணோரம் நின்றபோது, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த கணவன் மனைவியில் அந்தம்மா, மெனு அட்டையைப் புரட்டியபடி "ரொம்பப் புளிக்குமோ" என்று இரண்டு தடவை சொன்னது காதில் விழுந்தது. கணவர் தனக்குப் பிடித்ததை அவருக்கும் சேர்த்துச் சொல்லப் போனார். கதிரேசன் ஓடிப்போய் மாணிக்கத்திடம் அந்த இரண்டு சொற்களையும் கொடுத்தான். மாணிக்கம் ஒன்றும் சொல்லாமல் அந்தம்மாவுக்குப் போகும் கிம்லெட்டில் கார்டியலைக் குறைத்து, ஒரு கரண்டி நன்னாரிப் பாகு சேர்த்தார். எந்த நோட்டிலும் இல்லாத கிம்லெட் அது.

அவர் ஷேக்கரைக் குலுக்கியபோதுதான் கதிரேசன் முதல் தடவையாக அந்தச் சத்தத்தைக் கேட்டான். மார்புக்கு நேரே, துண்டு சுற்றி, கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குலுக்கினார். முதலில் கல்லும் கல்லும் உரசுவது போல இருந்தது. சிறிது சிறிதாகக் கட்டிகளின் முனை மழுங்கி, குவளை பூத்து வெளுத்ததும், சத்தம் தடித்து அடங்கி, ஈர மணலை அள்ளிப் போடுவது போல ஆயிற்று. அங்கே நிறுத்திவிட்டார். எண்ணவே இல்லை.

சத்தம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பெரியவரின் வரி முழுசாக மேலே வந்தது. அதன் பின்னாலேயே அவர் கை காதருகே போனதும், சட்டைப் பையில் எதையோ போட்டதும் வந்தன.

கதிரேசன் கவுன்டரின் கடைசிக்குப் போனான். விளக்கு தன் முகத்தில் படும்படி நின்றுகொண்டு, மெதுவாகக் கேட்டான்: "சத்தமில்லாமன்னு சொன்னீங்கய்யா."

பெரியவர் அவன் உதட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "காது மெஷினு. ரெண்டு நாளா மேளம், மைக்கு, பந்தியில கூச்சல். போட்டா எல்லாம் ஒண்ணா இரையுது. கழட்டிட்டா நீ பேசறது கேக்காது. ஆனா தகரத்தைத் தட்டினா மட்டும் ஊசியாக் குத்தும். அதான் ஆட்டாமக் கொள்ளாம ஒண்ணு கேட்டேன்."

அப்படியானால் தான் ஒப்பித்த எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்பது கதிரேசனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கப்படவும் நேரமில்லை, அவர் பேசிக்கொண்டிருந்தார். முந்தாநாள் வந்ததிலிருந்து பால் பணியாரம், கந்தரப்பம் என்று ஆளாளுக்கு இலையில் வைத்துத் தீர்த்துவிட்டார்களாம். நாக்கு தித்தித்துப் போய்க் கிடக்கிறதாம். டாக்டர் ஒரு பெக் வரைக்கும் விட்டிருக்கிறாராம். கதிரேசன் குறுக்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கனத்த கிளாசில் பெரிய ஐஸ் கட்டி ஒன்றைக் கரண்டியில் ஏந்தி, தட்டாமல் இறக்கினான். விஸ்கி 60. பிட்டர்ஸ் மூன்று சொட்டு. ஓல்டு ஃபேஷண்டுக்குச் சர்க்கரை இல்லாமல் ஆகாது என்று நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியவன், சர்க்கரைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். நீண்ட கரண்டியின் முதுகைக் கிளாசின் உட்சுவரோடு ஒட்டி வைத்து, விரலிடையில் உருட்டிச் சுற்றினான். ஐஸ் கட்டி திரும்பியதே தவிர எங்கும் இடிக்கவில்லை. கடைசியில் ஆரஞ்சுத் தோலின் எண்ணெயை மேலே பிழிந்துவிட்டான்.

பெரியவர் ஒரு வாய் குடித்தார். தோளை நாற்காலியில் சாய்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

பத்தரை மணிக்கு மேல் கூடம் காலியாகிக்கொண்டு வந்தது. கோயம்புத்தூர்க்காரர்கள் எழுந்து போனார்கள். போகும்போது அந்தம்மா, நன்னாரி எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார். பெரியவர் காலி கிளாசைத் தள்ளி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மெஷினை எடுத்து, நிதானமாகக் காதில் பொருத்திக்கொண்டார்.

"இப்பச் சொல்லு. முதல்ல நீ நிறையப் பேசினியே, ரங்கூன்னு ஒரு வார்த்தை மட்டும் உன் உதட்டுல தெரிஞ்சுச்சு. ரங்கூன்ல என்ன?"

ஜின் 60 என்று கதிரேசனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கையிலிருந்த பெக் அளவையைக் கவிழ்த்து வைத்தான்.

"உங்களுக்கு ரங்கூன் தெரியுமாய்யா?"

"எனக்கு எங்க? எங்க அப்பச்சி பெகுவுல லேவாதேவி பண்ணினவுக. 1942ல அங்கேருந்து நடந்தே வந்தாக. வந்தப்புறம் ரெண்டு வருஷம் யார்கூடவும் பேசலைன்னு எங்க ஆத்தா சொல்லும்..."

ஐஸ் பெட்டியை மூடப் போன மாணிக்கம், அதன் தகர மூடியைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டு, ஓசைப்படாமல் கீழே இறக்கினார்.