பில் இல. 2025-014: ரூ. 153,000 நிலுவை, ஓகஸ்ட் 29 வெள்ளிக்குள் தீர்த்துத் தரவும்

2025 ஓகஸ்ட் 20
கொழும்பு 06

மதிப்பிற்குரிய யோகராஜா ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தூள் வகைகளுக்கான பக்கெட் டிசைன் வேலையின் மீதிப் பணம் இன்னும் வந்து சேரவில்லை. பெப்ரவரி 18இல் அனுப்பிய பில்லுக்கு 30 நாள் தவணை. அது மார்ச் 20இல் முடிந்தது. இன்றோடு சரியாக ஐந்து மாதம். இதுவரை வாட்ஸ்அப்பிலும் தொலைபேசியிலும் கேட்டதை இப்போது எழுத்தில் தருகிறேன். கணக்காளர் தம்பிக்கும் பிரதி போகிறது. அவர் வேறெங்கும் தேடத் தேவையில்லாதபடி எல்லாவற்றையும் இதிலேயே வைத்திருக்கிறேன்.

முதலில் கணக்கு. ஆறு வகைத் தூள், ஒவ்வொன்றும் 100 கிராம், 250 கிராம் என்று 12 பக்கெட். பக்கெட் ஒன்றுக்கு ரூ. 20,000 வீதம் ரூ. 240,000. முற்பணமாக 40 வீதம், அதாவது ரூ. 96,000, ஜனவரியில் தந்துவிட்டீர்கள். மீதி ரூ. 144,000. இதோடு, நீங்கள் கேட்டதற்காக இரண்டு தடவை எடுத்த கலர் ப்ரூஃப் செலவு, தடவைக்கு ரூ. 4,500 என்று ரூ. 9,000. அச்சகத்தின் ரசீதுகள் இரண்டும் இணைப்பில் உண்டு. ஆக, மொத்தம் ரூ. 153,000. மே மாதம் மிளகாய்த்தூளுக்கு 50 கிராம் அளவில் ஒன்று அவசரமாகக் கேட்டு வாங்கினீர்கள். அதற்கு நான் பில் போடவில்லை, இந்தத் தொகையிலும் அது இல்லை.

வரி பற்றி ஒரு விடயம். கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் 5 வீதப் பிடித்துவைத்தல் வரியைக் கழிக்க வேண்டும் என்று கணக்காளர் சொன்னால் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் கழிவு ரூ. 144,000 கட்டணத்தில் மட்டுமே: ரூ. 7,200. ப்ரூஃப் செலவு அச்சகத்துக்கு நான் கட்டிய காசு, அதில் கழிக்கக் கூடாது. அப்படியென்றால் என் கணக்குக்கு வரவேண்டியது ரூ. 145,800. கழித்த தொகைக்கான சான்றிதழையும் தந்தால்தான் அதை என் வருமான வரிக் கணக்கில் காட்டலாம். வரி இலக்கம் இல்லாத பில் என்று ஏப்ரலில் திருப்பி அனுப்பினீர்கள். இலக்கம் சேர்த்த பில்லை ஏப்ரல் 9இல் அனுப்பினேன். அதையே மீண்டும் இணைத்திருக்கிறேன்.

ஜூனில் உங்கள் அலுவலகத்திலிருந்து கிடைத்த கடைசிப் பதில், செக் எழுதியாயிற்று, கையொப்பம் மட்டும்தான் பாக்கி என்பது. அதன் பிறகு அனுப்பிய செய்திகளில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. அந்தச் செக் மேசையில் இன்னும் கிடக்கிறதென்றால், ஜூன் திகதி போட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆறு மாதம் ஆகவில்லை, வங்கி ஏற்கும். கையொப்பம் வைத்துத் தாருங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன். பின்திகதியிட்ட செக் மட்டும் வேண்டாம்.

டிசைன் இன்னும் முடிவாகவில்லை என்று ஒருதரம் அலுவலகத்தில் சொல்லப்பட்டதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. இணைப்பில் உள்ள படத்தைப் பாருங்கள். வெள்ளவத்தை, காலி வீதிக் கடையொன்றில் வாங்கிய வறுத்த கறித்தூள், 250 கிராம் பக்கெட். உற்பத்தித் திகதி 2025 ஜூலை 3. பின்பக்கத்தில் மஞ்சள் பட்டைக்குக் கீழே சிங்களத்தில் சேர்மானங்கள் அச்சாகியிருக்கின்றன. கொத்தமல்லிக்கான சொல்லில் இருந்த எழுத்துப்பிழை அதில் இல்லை. அந்தத் திருத்தம் நான் பெப்ரவரி 17இல் தந்த நான்காம் பதிப்பில் மட்டுமே உள்ளது. ஆகவே இறுதிக் கோப்பு அச்சாகி, சரக்கு கடைக்கும் போய்விட்டது. அச்சு நன்றாகவே வந்திருக்கிறது, சிவப்பு மட்டும் ப்ரூஃபை விடக் கொஞ்சம் மங்கல். அடுத்த தடவை அச்சகத்தாரிடம் ப்ரூஃபை வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

அந்த அடுத்த தடவை பற்றியும் சொல்ல வேண்டும். நாம் இருவரும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவின்படி, முழுப் பணமும் தீர்ந்த பிறகே டிசைனின் பதிப்புரிமை உங்களுக்கு மாறும். அதுவரை முதல் அச்சுக்கு மட்டுமே அனுமதி. பணம் வரும்வரை மறு அச்சுக்குக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இத்தகைய ஆக்கங்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது. அச்சகத்திடமோ கடைக்காரரிடமோ நான் எதுவும் பேசவில்லை. இது நம் இருவருக்குள் முடிய வேண்டிய விடயம்.

தாமதக் கட்டணம் ஒப்பந்தத்தில் மாதத்துக்கு 1.5 வீதம். ரூ. 153,000க்கு மாதம் ரூ. 2,295, ஐந்து மாதத்துக்கு ரூ. 11,475. ஓகஸ்ட் 29 வெள்ளிக்கிழமைக்குள் நிலுவை முழுவதும் வந்தால் இதை முழுதாக விட்டுவிடுகிறேன். ஒரே தடவையில் கட்டுவது இப்போது கஷ்டம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஓகஸ்ட் 29இல் ரூ. 76,500, செப்டம்பர் 30இல் ரூ. 76,500 என்று இரண்டாகப் பிரிக்கலாம், அப்போதும் தாமதக் கட்டணம் கேட்கமாட்டேன். ஆனால் அந்த ஒழுங்கை 25ஆம் திகதி திங்கட்கிழமைக்குள் மின்னஞ்சலில் எழுதித் தரவேண்டும். “பார்த்துச் செய்வோம்” என்ற பதில் போதாது.

பணத்தை பில்லின் அடியில் உள்ள அதே வங்கிக் கணக்குக்குப் போடுங்கள். கணக்கு இலக்கம் மாறவில்லை. வேறு இலக்கத்தோடு என் பெயரில் மின்னஞ்சல் ஏதும் வந்தால், போடுவதற்கு முன் எனக்கு அழைத்துக் கேளுங்கள். செஃப்ட்ஸ் முறையில் போட்டால் உடனே விழும். ஸ்லிப்ஸில் போட்டால் அடுத்த வேலை நாளுக்கும் இழுபடலாம். வெள்ளி பின்னேரம் போட்டால் திங்கள்தான். குறிப்பு இடத்தில் 2025-014 என்று மட்டும் போட்டு, சிட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அன்றே ரசீது தருகிறேன்.

ஜூலையில் தீபாவளிக் கிஃப்ட் பெட்டிக்கு டிசைன் கேட்டு அனுப்பிய குரல் பதிவும் கிடைத்தது. இந்த நிலுவை இருக்கும்போது புது வேலை தொடங்க முடியாது. இந்த முறை தீபாவளி ஒக்டோபர் 20. பெட்டிக்கு டை செய்து, அச்சடித்து, ஒட்டி முடிக்க அச்சகத்துக்கு மூன்று வாரமாவது வேண்டும். கடைகளுக்கு ஒரு வாரம் முன்னரே போகவும் வேண்டும். அதனால் இறுதிக் கோப்பு செப்டம்பர் 20க்கு முன் அச்சகத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேலைக்கு இரண்டு வாரம் தேவை. 29ஆம் திகதி காசு வந்தால் செப்டம்பர் முதலாம் திகதியே தொடங்குவேன். பிந்தினால் இந்தத் தீபாவளிக்குப் பெட்டி கைக்கு வராது.

25ஆம் திகதிக்குள் எழுத்தில் ஒழுங்கோ 29ஆம் திகதிக்குள் பணமோ வராவிட்டால், செப்டம்பர் முதல் வாரத்தில் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் வரும். அதில் தாமதக் கட்டணமும் சேரும். அதற்கும் பதில் இல்லையென்றால் மத்தியஸ்த சபையில் முறைப்பாடு கொடுப்பேன். அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் கிடைத்தால் அடுத்தது நீதிமன்றம். இதில் எதையும் ஆசையோடு எழுதவில்லை ஐயா. பில்லில் ஏதாவது பிழை இருப்பதாக நினைத்தால் எந்த வரி என்று குறித்து அனுப்புங்கள், அன்றே பார்க்கிறேன். மற்றத் தொகையை அதற்காக நிறுத்திவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நிரோஷா
கிராஃபிக் டிசைனர்

இணைப்புகள்: வரி இலக்கத்துடன் கூடிய பில் 2025-014, கையொப்பமிட்ட ஒப்பந்தம், ப்ரூஃப் ரசீதுகள் 2, பெப்ரவரி 17 மின்னஞ்சலும் உங்கள் “ஓகே” பதிலும், பக்கெட்டின் முன் பின் படங்கள்.