செய்முறை நிலையம் 4: நாடித்துடிப்பும் சுவாச வீதமும்

செவிலியர் பயிற்சி, முதலாண்டு. நேரம் 7 நிமிடம். மொத்தம் 20 மதிப்பெண்.

மாணவருக்கு (கதவருகே ஒட்டுவது)

பாம்பன் பக்கத்து ஊரில் பாசி எடுக்கும் 48 வயது அக்கா ஒருவர் தலைச்சுற்றலுக்காகப் புறநோயாளிப் பிரிவுக்கு வந்திருக்கிறார். அவருடைய நாடித்துடிப்பையும் சுவாச வீதத்தையும் எண்ணி, டிபிஆர் சார்ட்டில் பதிந்து, கண்டதைத் தேர்வாளரிடம் சொல்லுங்கள்.

நோயாளியாக நடிப்பவருக்கு

சேலைக்கு மேல் தொளதொளவென்று ஆண் சட்டை போட்டிருங்கள். பாசிக்குப் போகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். வலது கை விரல்களில் துணிச்சுற்று இருக்கட்டும். கேட்டால் மட்டும், "பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் வேகமாக நடந்து வந்தேன்" என்று சொல்லுங்கள். இயல்பாக மூச்சு விடுங்கள். மாணவர் "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு மூச்சை மெதுவாக்கிவிடுங்கள்.

தேர்வாளருக்கு

தொடக்கம் (4 மதிப்பெண்). கைகளைச் சுத்தம் செய்து, "வணக்கம் அக்கா" என்று தன் பெயரைச் சொல்லி, நோயாளியின் பெயரையும் வயதையும் கேட்டுச் சரிபார்த்து, நாடி பார்க்க ஒப்புதல் பெற வேண்டும். நடந்து வந்தாரா, இப்போதுதான் காப்பி குடித்தாரா என்று விசாரிப்பதற்கு இதில் 1 மதிப்பெண். நடந்து வந்தது தெரிந்ததும், 5 நிமிடம் உட்கார வைத்த பிறகே எண்ணுவேன் என்று மாணவர் சொல்ல வேண்டும். சொன்னவுடன் "ஓய்வு எடுத்தாயிற்று" என்று நீங்கள் அறிவியுங்கள்.

நாடி (6 மதிப்பெண்). கை தளர்ந்து, முன்கை மேசையில் தாங்கியிருக்க வேண்டும். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களின் நுனியைக் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். மிகுதியாக அழுத்தினால் துடிப்பே மறைந்துவிடும். கட்டைவிரலால் பார்த்தால் 2 மதிப்பெண் குறையும். அதில் உள்ள துடிப்பு எண்ணுபவருடையதாக இருக்கலாம். நொடிமுள் உள்ள கடிகாரத்தைப் பார்த்து முழு 1 நிமிடம் எண்ண வேண்டும். 30 நொடி எண்ணி இரட்டிப்பது சீரான நாடிக்கு வார்டில் செல்லும், இந்த நிலையத்தில் செல்லாது: தலைச்சுற்றலோடு வந்தவரின் நாடி இடையில் ஒரு துடிப்பு தவறுகிறதா என்று அரை நிமிடத்தில் பிடிபடாமல் போகலாம். எண்ணிக்கையோடு சீர், நிறைவு இரண்டையும் சொல்லட்டும்.

சுவாசம் (6 மதிப்பெண்). பெரும்பாலான மாணவர்கள் சறுக்கும் இடம் இதுதான். நாடியை எண்ணி முடித்ததும் கையை விட்டுவிடாமல், இன்னும் நாடி பார்ப்பது போலவே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ண வேண்டும். தன் மூச்சைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறும். தொளதொளச் சட்டையில் நெஞ்சு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. நோயாளியின் கையை மடக்கி அவர் வயிற்றின் மேல் வைத்து, அந்த மணிக்கட்டைப் பிடித்திருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் கை எழுவதை உணரலாம். இதைத் தானாகவே செய்பவருக்கு முழு மதிப்பெண் தயங்காமல் கொடுங்கள். உள்மூச்சும் வெளிமூச்சும் சேர்ந்து ஒன்று. தனித்தனியாக எண்ணி 32 என்று எழுதுபவர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். இதற்கும் முழு 1 நிமிடம். ஆழம், சீர், கழுத்துத் தசைகள் இழுக்கின்றனவா என்பதையும் சொல்ல வேண்டும்.

பதிவும் விளக்கமும் (4 மதிப்பெண்). தேதி, நேரம், அளவு ஆகியவற்றை எழுத வேண்டும். மாணவர் நாடி எண்ணும்போதே நீங்களும் மறு கையில் எண்ணுங்கள், மூச்சையும் அவ்வாறே. நாடியில் 4, மூச்சில் 2 வரை வேறுபாடு ஏற்கலாம்.

இயல்பு அளவுகள் (ஒரு நிமிடத்துக்கு)

பெரியவர்: ஓய்வில் நாடி 60–100, சுவாசம் 12–20.
பிறந்த குழந்தை: நாடி 120–160, சுவாசம் 30–60.

கடும் உழைப்புக்குப் பழகிய உடலில் நாடி 60-க்குச் சற்றுக் கீழே இருப்பதுண்டு. ஆனால் தலைச்சுற்றலோடு வந்தவருக்கு அதை இயல்பு என்று மாணவர் ஒதுக்கிவிடக் கூடாது, மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

வாய்மொழிக் கேள்விகள் (நேரம் மிஞ்சினால் ஒன்று)

நாடி சீரற்றிருந்தால்? ஸ்டெதஸ்கோப்பை இடது நெஞ்சில் இதய முனையில் வைத்து 1 நிமிடம் எண்ணுவேன், இன்னொருவர் அதே நேரத்தில் மணிக்கட்டில் எண்ணுவார், வித்தியாசத்தைப் பதிவேன்.

இருமலோடு 9 மாதக் குழந்தை, மூச்சு 54? 2 மாதம் முதல் 11 மாதம் வரை 50-ம் அதற்கு மேலும் வேக மூச்சு. அழாமலும் பால் குடிக்காமலும் இருக்கும்போது எண்ணியதா என்று உறுதிசெய்து, உடனே மருத்துவரிடம் சொல்வேன்.

நிலையத்தில் தோல்வி

எண்ணாமல் ஓர் அளவை எழுதினால், மற்ற மதிப்பெண்கள் எவ்வளவு இருந்தாலும் தோல்வி. 72, 18 என்று கை பழக்கத்தில் எழுதும் செவிலியரை நம்பித்தான் ஒரு நோயாளியை இரவு முழுக்க வார்டில் விட்டுச் செல்கிறோம். "எண்ணிக்கை தவறிவிட்டது, மறுபடி எண்ணுகிறேன்" என்று சொல்பவருக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். மணி அடித்திருந்தாலும் 1 நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள்.