ஏழு இருபது

கோவில்பட்டியில் ஆச்சியின் வீட்டு முன்னறையில், முருகன் படத்துக்கும் மின்வாரிய அட்டைக்கும் நடுவே, ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் தொங்குகிறது. நாற்காலியில் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அருகில் ஆச்சி நிற்கிறாள். ஆச்சியின் இடுப்பில் இரண்டு வயது அத்தை, தாத்தாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நான்கு வயதுப் பெரியப்பா. பின்னால் திரையில் வரைந்த மாடிப்படியும் நிலாவும் இருக்கின்றன. செண்பகாவின் அப்பா அப்போது பிறக்கவே இல்லை என்பதால் படத்தில் இல்லை. அதைப் பற்றி அவருக்கு இன்றும் சின்ன வருத்தம் உண்டு.

அந்தப் படத்தைப் பார்ப்பவர் எவரும் முதலில் காண்பது தாத்தாவின் இடது மணிக்கட்டைத்தான். முழுக்கைச் சட்டையின் கை இரண்டு மடிப்பு மேலே ஏற்றப்பட்டிருக்கும். தோல்பட்டை போட்ட கைக்கடிகாரம் ஒன்று அங்கே தெரியும். தெரிய வேண்டும் என்பதற்காகவே கை முழங்கால்மேல் அப்படி வைக்கப்பட்டிருந்தது.

தாத்தா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். அவர் இறந்த பதினாறாம் நாள், அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஆலையின் அடையாள அட்டை, கால் ஒடிந்த மூக்குக்கண்ணாடி, வருங்கால வைப்பு நிதித் தாள்கள், மடித்த வேட்டி இரண்டு ஆகியவை இருந்தன. கைக்கடிகாரம் இல்லை. அந்தப் பெட்டியின் சாவி அதற்கு முன் ஒரு வாரம் பெரியப்பாவின் கையில் இருந்தது. அத்தை அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் சில வருடங்களுக்குப் பிறகு ஓர் இரவு, மொட்டை மாடியில், செண்பகாவின் அப்பாவிடம் மட்டும் சொன்னாள்: "கேட்டிருந்தால் நானே அண்ணன் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருப்பேன். மறைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை." பத்து வயது செண்பகா பக்கத்தில் போர்வைக்குள் தூங்குவதுபோல் படுத்திருந்தாள்.

அதன்பின் அவள் கவனிக்கத் தொடங்கினாள். பெரியப்பாவும் அத்தையும் சண்டை போட்டதே இல்லை. விசேஷங்களில் ஒருவரையொருவர் வரவேற்றார்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டார்கள். எதிர் வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் இருந்தது அந்தப் பேச்சு. கூடப் பிறந்தவர்கள் அவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டால் எங்கோ ஏதோ சரியில்லை என்று பொருள்.

இந்த வருடம் ஆச்சிக்கு எண்பதாவது பிறந்தநாள். பழைய படங்களையெல்லாம் கைப்பேசியில் எடுத்து, தொலைக்காட்சியில் ஓடவிடும் பொறுப்பு பத்தாம் வகுப்புத் தேர்வு முடித்துவிட்டு வந்திருந்த செண்பகாவிடம் வந்து சேர்ந்தது. சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியை அகற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் படத்தை வைத்து எடுத்தாள். அதைத் திரையில் விரித்துப் பெரிதாக்கியபோது, ஐம்பது வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் மங்கிக் கிடந்த கடிகாரத்தின் முகம் தெளிவாகத் தெரிந்தது. சிறிய முள் ஏழைத் தாண்டியிருந்தது. பெரிய முள் நான்கின்மேல் நின்றது. மணி ஏழு இருபது.

இன்னொன்றையும் அவள் பார்த்தாள். பட்டையைக் கடைசித் துளையில் மாட்டியும் கடிகாரம் தாத்தாவின் மெலிந்த கையில் தொளதொளவென்று இருந்தது. படத்தின் பின்புறம் ஸ்டுடியோவின் நீல முத்திரையும், பென்சிலில் '1974 தை' என்ற எழுத்தும் இருந்தன.

ஆச்சியின் பழைய டிரங்குப் பெட்டியில் மீதிப் படங்கள் கிடந்தன. அவற்றில் ஒன்று ஆச்சியின் தம்பி கல்யாணமான புதிதில் மனைவியோடு எடுத்துக்கொண்டது. அதே மாடிப்படி, அதே நிலா. பின்னால் 1971 என்று இருந்தது. மாப்பிள்ளையின் பருத்த மணிக்கட்டில் ஒரு கடிகாரம் இறுக்கமாக மாட்டப்பட்டிருந்தது. செண்பகா அதை எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல்தான் பெரிதாக்கினாள். மணி ஏழு இருபது.

முதலில் அவளுக்குத் தோன்றியது எளிமையான விளக்கம்: மைத்துனருக்குத் தாத்தா கடிகாரத்தை இரவல் கொடுத்திருக்கலாம். கடிகாரம் இரவல் போகலாம்; நேரமும் கூடவே போகுமா? அந்தக் கேள்வியோடு அவள் தெருவைக் கடந்து எதிர் வீட்டுக்குப் போனாள். அங்கே தாத்தாவோடு ஒரே ஆலையில் வேலை பார்த்த மாடசாமித் தாத்தா இருந்தார். தாத்தாவின் கூட்டாளிகளில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். காது மந்தம், கண் கூர்மை.

அவர் கையில் ஒரு பழைய எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் இருந்தது. பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு தொடங்கிய தொழிற்சாலையில் செய்தது என்று பெருமையோடு சொன்னார். அந்தக் காலத்தில் கடைக்கு வந்ததும் தீர்ந்துவிடும் என்றும், தன் கல்யாணத்துக்கு மாமனார் மதுரைக்கு மூன்று முறை அலைந்து வாங்கினார் என்றும் சொன்னார். மாமனார் அலைந்ததைச் சொல்லும்போது குரலில் இன்னும் மாப்பிள்ளை முறுக்கு இருந்தது. கடிகாரத்தைக் கழற்றி அவள் காதில் வைத்தார். நொடிக்கு ஐந்து துடிப்பு. எறும்பு ஓடுவதுபோல் இருந்தது. பேட்டரி கிடையாது. தினமும் காலையில் சாவி கொடுத்தால் உள்ளே ஒரு சுருள்வில் இறுகும். அது மெல்ல மெல்ல விரியும் விசையில்தான் முட்கள் நகரும். சாவி கொடுக்க மறந்தால், வில் முழுவதும் விரிந்த இடத்தில் அப்படியே நின்றுவிடும்.

"மறுபடி சாவி கொடுத்தால் ஓடுமல்லவா தாத்தா?" என்று உரக்கக் கேட்டாள்.

"ஓடும். உள்ளே வில் அறுந்திருந்தால் ஓடாது. நின்ற இடத்திலேயே நிற்கும்."

அப்போதுதான் அவர் தலைக்குமேல் சுவரில் இருந்த படத்தை அவள் பார்த்தாள். ஆலைக் கூட்டாளிகள் நான்கு பேர் தோளில் கை போட்டு நின்றிருந்தார்கள். தாத்தா அதில் இல்லை. அதே நிலா பின்னால் காய்ந்தது. ஓரத்தில் நின்றவரின் கையில் கடிகாரம். அவள் நாற்காலிமேல் ஏறிக் கைப்பேசியால் படம் எடுத்துப் பெரிதாக்குவதை மாடசாமித் தாத்தா வேடிக்கை பார்த்தார். அது 1969இல் எடுத்தது என்றார். ஓரத்தில் நிற்பவரிடம் அந்தக் காலத்தில் சைக்கிள்கூடக் கிடையாது என்றும் கேட்காமலேயே சொன்னார். மணி ஏழு இருபது.

இரவு அவள் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கடிகார முகத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 720 நிமிடங்கள். முதல் படத்தின் நேரம் எதுவாகவும் இருக்கட்டும். மற்ற இரண்டும் தற்செயலாக அதே நிமிடத்தில் அமைய 720ஐ 720ஆல் பெருக்க வேண்டும். ஐந்து லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறில் ஒரு வாய்ப்பு. ஓடுகிற கடிகாரத்துக்கு அது நடக்காது.

மறுநாள் காலை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஆச்சியிடம் போய் உட்கார்ந்தாள்.

"ஆச்சி, இந்தக் கடிகாரம் யாருடையது?"

ஆச்சி படத்தைப் பார்க்கவில்லை. "ஸ்டுடியோக்காரருடையது. மேஜை இழுப்பறையில் சீப்பு, பவுடர், கழுத்துப்பட்டை, அது, எல்லாம் வைத்திருப்பார். கை மொட்டையாக இருக்கிறது அண்ணாச்சி என்று சொல்லி அவரே மாட்டிவிட்டார். உன் தாத்தா வேண்டாம் என்றுதான் சொன்னார். எங்களுக்கு எதற்குக் கடிகாரம்? ஆலைச் சங்கு ஊதினால் எழுந்தோம், ஊதினால் உலை வைத்தோம். படம் எடுத்து முடிந்ததும் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. அப்போது சிரித்தார் பார், அந்தச் சிரிப்பை எடுத்திருக்கலாம். படத்தில் கல்லுப் பிள்ளையார்போல் உட்கார்ந்திருக்கிறார்."

"இதை யாரிடமும் சொன்னதில்லையா ஆச்சி?"

"யார் கேட்டார்கள்?" என்று ஆச்சி கீரைக் காம்பை ஒடித்தாள்.

உண்மைதான். ஆச்சியின் மனம் நோகும் என்று அத்தை அந்தப் பேச்சையே அவள் காதுக்குக் கொண்டுபோகவில்லை. செண்பகாவுக்கு இப்போது வேறு சிக்கல். மாடியில் அன்று ஒட்டுக்கேட்டதை ஒத்துக்கொள்ளாமல் இதை அத்தைக்கு எப்படித் தெரிவிப்பது? ஆச்சியே சொல்லட்டும் என்று விட்டால், எதற்குத் திடீரென்று இந்தப் பேச்சு என்று எல்லோரும் கேட்பார்கள். அத்தை தலைகுனிய நேரும். யோசித்து யோசித்து, கடைசியில் அதை ஒரு புதிராக்கிவிடுவது என்று முடிவு செய்தாள்.

பிறந்தநாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோரும் முன்னறையில் கூடியிருந்தபோது, படங்கள் ஒவ்வொன்றாகத் தொலைக்காட்சியில் வந்தன. மூன்று படங்களை மட்டும் அவள் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். "இந்த மூன்றிலும் ஒரே மாதிரி இருப்பது எது என்று கண்டுபிடிப்பவருக்கு என் பங்கு ஜிலேபி" என்றாள். சிறுபிள்ளைகள் நிலா என்று கத்தினார்கள். மாடிப்படி என்றார் அப்பா. அவள் மணிக்கட்டுகளை மட்டும் பெரிதாக்கினாள். மூன்று கைகள், ஒன்று மெலிந்தது, ஒன்று பருத்தது, ஒன்று முடி அடர்ந்தது. மூன்றிலும் ஏழு இருபது.

"மூன்று வருடம், மூன்று ஆள், ஒரே நேரம். 1969, 1971, 1974" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"ஸ்டுடியோக்காரருடைய ஓட்டைக் கடிகாரம்தானே அது" என்றாள் ஆச்சி, வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவியபடி. "நாற்காலியும் அவருடையதுதான். அதையும் தேடினீர்களா?"

யாரோ சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டி, எழுந்து திரைக்கு அருகே போய்த் தாத்தாவின் கையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தாள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவள் பார்வை அவர் மணிக்கட்டுக்குப் போகாமல் நேராக முகத்துக்குப் போனதைச் செண்பகா கவனித்தாள். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டார். அவர் அத்தையை அல்ல, கதவோரம் பல் குத்திக்கொண்டிருந்த அத்தையின் கணவரை, அவருடைய இடது கையை, வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியானால்," என்றார், "அப்பா அதை மாப்பிள்ளைக்குக் கொடுக்கவில்லையா?"